‘சர்க்கரை சேர்க்காத’ ஜூஸில் நாலரை ஸ்பூன் சர்க்கரை

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போகும் பேருந்தில், உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கக் கிளம்பியவர் யார் என்று கையிலிருக்கும் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முன்பு அந்தப் பையில் சாத்துக்குடியும் ரொட்டியும் இருக்கும். இப்போது ஒரு லிட்டர் அட்டைப்பெட்டி ஜூஸ். பழம் வாங்கினால் ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நசுங்கிவிடும், பெட்டி நசுங்காது. பார்க்கவும் மரியாதையாக இருக்கும்.

வாங்குகிறவர் விவரமானவராக இருந்தால் இன்னொன்றும் செய்வார். பெரியவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியும். அதனால் கடையில் தேடி, ‘நோ ஆடட் சுகர்’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பெட்டியாகப் பார்த்து எடுப்பார். சிக்கல் தொடங்குவது அந்தப் பெட்டியில்தான்.

வலையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிற, எழுபதைத் தாண்டிய ஒரு தகப்பனார். காலையும் இரவும் சர்க்கரை மாத்திரை. டீயில்கூடச் சர்க்கரை போடாதவர். உறவுக்காரர்கள் கொண்டுவந்த ஆப்பிள் ஜூஸை மட்டும் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று நிம்மதியாகக் குடிக்கிறார். பொன்னேரியில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து பார்த்துவிட்டுக் கேட்டால், “சக்கரை போடலன்னு அதுலயே எழுதியிருக்குதாமே” என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. எழுதியிருப்பதும் பொய்யில்லை.

“நைனா, முன்னாடி இருக்கறத உடு. பின்னாடி திருப்பு” என்றாள் மகள். லேபிள் படிக்கத் தெரிந்துகொள்ள விரும்புகிற பெரியவர்களுக்கு முதல் பாடம் இதுதான். முன்பக்கத்தில் பளபளக்கும் ஆப்பிள் படம் விளம்பரம். சட்டப்படி சொல்லியே ஆகவேண்டிய விவரங்களில் நமக்கு வேண்டியவை பின்பக்கமோ பக்கவாட்டிலோ, பொடி எழுத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, சேர்மானப் பட்டியல். இன்னொன்று, கட்டம் போட்ட ஊட்டச்சத்து அட்டவணை.

சேர்மானப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. எடையிலோ அளவிலோ எது அதிகமோ அது முதலில் வரவேண்டும். அதற்கு அடுத்தது அடுத்து. அந்த ஆப்பிள் ஜூஸ் போன்ற பெட்டிகளில் வழக்கமாக முதலில் இருப்பது தண்ணீர், இரண்டாவது ஆப்பிள் செறிவு. பழத்தைப் பிழிந்து, சாற்றிலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கித் தேன் பதத்துக்குச் சுண்டவைத்ததுதான் செறிவு. அதில் எடைக்கு எழுபது சதவீதம்வரை கரைந்த சர்க்கரைதான் இருக்கும். பெட்டியில் அடைக்கும் முன் ஒரு பங்கு செறிவுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு தண்ணீர் விட்டு மறுபடி சாறாக்குகிறார்கள். இப்படி மீட்டெடுத்த சாற்றுக்குப் பக்கத்தில் ‘ரீகான்ஸ்டிட்யூட்டட்’ என்ற சொல் இருக்கவேண்டும். இத்தகைய சாறுகளில் ‘நூறு சதவீதப் பழச்சாறு’ என்று போடுவதை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் 2024 ஜூன் மாதம் உத்தரவிட்டது. ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த அட்டைகளைத் தீர்க்க முதலில் தந்தது அந்த ஆண்டு செப்டம்பர் 1 வரை அவகாசம். இனிப்பு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சேர்த்தால் ‘ஸ்வீட்டன்ட் ஜூஸ்’ என்று சொல்லியாக வேண்டும் என்பதையும் அந்த உத்தரவு நினைவூட்டியது.

இனி அட்டவணை. அதில் ‘டோட்டல் சுகர்ஸ்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ என்று இன்னொரு வரி. முதலாவது, உள்ளே இருக்கிற எல்லாச் சர்க்கரையும். இரண்டாவது, ஆலையில் தனியாகக் கொட்டியது மட்டும். ஆப்பிள் ஜூஸில் இரண்டாவது வரி பூஜ்யம். அதைத்தான் முன்பக்கம் பெரிய எழுத்தில் கொண்டாடுகிறார்கள். முதல் வரியில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் என்று இருக்கும். தகப்பனார் குடிக்கும் டம்ளர் 200 மில்லி. ஆக 22 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம் என்று வைத்தால் ஒரு டம்ளரில் நாலரை ஸ்பூன். இரண்டு வேளைக்கு ஒன்பது. டீயில் போடாமல் மிச்சம் பிடித்ததெல்லாம் இந்த வழியாக உள்ளே போகிறது.

“அது பழத்து சக்கரை தானே, அது ஒண்ணும் பண்ணாது” என்பது அடுத்து வரும் பதில். குப்பத்துக்குக் குப்பம் இதே பதில்தான். ஆப்பிளைக் கடித்துத் தின்றால் நாரும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். சர்க்கரை மெல்ல மெல்ல ரத்தத்தில் இறங்கும். ஒரு பழத்துக்கு மேல் தின்னவும் முடியாது. சாறாக வடிகட்டியபோது நார் சக்கையோடு போய்விட்டது. பல் வேலை செய்யவில்லை, ஒரே மடக்கில் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றிலும் பழச்செறிவிலும் இருக்கும் சர்க்கரையை வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. முழுப் பழத்தில் இருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பழச்சாற்றில் வைட்டமின் சி இருக்கிறது, எப்போதாவது கொஞ்சம் குடிப்பதில் தவறில்லை என்று சொல்லும் ஊட்டச்சத்து நிபுணர்களும் உண்டு. எப்போதாவது என்பதற்கும் தினம் இரண்டு வேளை என்பதற்கும் இடையே நிறைய தூரம்.

அட்டவணையைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. எண்கள் பெரும்பாலும் 100 மில்லிக்குத்தான் தரப்பட்டிருக்கும். பெட்டிக்கடையில் தொங்கும் கால் லிட்டர் மாம்பழ பானத்தை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிக்கு மொத்தச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தால், பாட்டிலைக் காலி செய்கிறவர் குடிப்பது இரண்டரை மடங்கு, அதாவது 32 கிராமுக்கு மேல். ஆறு ஸ்பூன் தாண்டிவிடும். பொடி எழுத்தில் பாட்டிலின் அளவைத் தேடி, இந்தப் பெருக்கலைப் போடாவிட்டால் 13 என்பது சாதாரணமாகத் தெரியும்.

அதே பானத்தின் சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து மாம்பழக்கூழ், பக்கத்தில் அதன் சதவீதம், பிறகு சர்க்கரை என்று வரும். ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்று விற்க 10 சதவீதம் பழம் இருந்தால் போதும். எலுமிச்சை வகைக்கு 5 சதவீதமே போதும். சில லேபிள்களில் சர்க்கரை ஒரே பெயரில் வராது. சுகர், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ் என்று பிரிந்து நிற்கும். பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றின் அளவும் குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தால்தான் கூட்டிப் பார்க்கத் தோன்றும்.

பெரியவர்கள் மிரள்வது வேறொன்றைப் பார்த்து. 330, 300, 440 என்று அடைப்புக்குள் இருக்கும் எண்கள்தான் கெமிக்கல், அவைதான் ஆபத்து என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையின் புளிப்பு. 300 வைட்டமின் சி. 440 பெக்டின், பழத்திலிருந்தே எடுப்பது. இந்த எண்களுக்குப் பயந்து பெட்டியைக் கீழே வைப்பவர், எண்ணில்லாத பெட்டியில் இருபது கிராம் சர்க்கரையைச் சந்தோஷமாகக் குடிப்பதுதான் வேடிக்கை. 950, 951, 955 ஆகியவற்றைக் கவனித்தால் போதும். அவை செயற்கை இனிப்புகள்.

அந்த மூன்று எண்களை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டாலோ, இன்சுலின் கொஞ்சம் கூடிவிட்டாலோ, திடீரென்று வியர்த்துக் கை நடுங்கும், கண் இருட்டும். ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். அப்போது உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போகவேண்டும். ஆப்பிள் ஜூஸ் என்றால் முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. பதினைந்து நிமிடம் பொறுத்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். செயற்கை இனிப்பு போட்ட ‘ஜீரோ’ பானத்தை அந்த நேரத்தில் கொடுத்தால் பச்சைத் தண்ணீர் கொடுத்ததற்குச் சமம். ஒரு சின்ன ஜூஸ் பெட்டி வீட்டில் இருக்கலாம், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், மருந்துபோல.

வயிற்றுப்போக்குக்கு மட்டும் அதை எடுக்கக் கூடாது. ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு சில பழ பானங்கள் மருந்துக்கடைகளிலேயே விற்றன. உண்மையான உப்பு சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ், அதற்கேற்ற உப்பு. மேலே சொன்ன ஆப்பிள் ஜூஸில் லிட்டருக்கு 110 கிராம், உப்போ பேருக்குத்தான். அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உள்ளே இழுத்து, போக்கைக் கூட்டிவிடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, உணவுப் பொருள்களின் பெயரில் அந்த எழுத்துகள் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது.

இவ்வளவும் தெரிந்தாலும் பெரியவர்கள் தாமாகப் படித்துவிட முடியுமா? இந்தக் கட்டுரைக்காகப் பார்த்ததில் மனதை அதிகம் உறுத்தியது இதுதான். லேபிளில் கட்டாயம் சொல்லவேண்டியதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொன்னால் போதும் என்பது விதி. கூடுதலாக வேறு மொழியில் போடத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே வாசலில் வந்திறங்கும் ஜூஸ் பெட்டி அந்த வீட்டுப் பெரியவருக்குப் புரியாத மொழியில் பேசுகிறது. தெரிந்த மொழியாக இருந்தாலும், கண்புரை விழுந்த கண்ணுக்கு அந்த எழுத்தளவு எட்டாது.

எனவே வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையை விட்டு நகரும் முன் ‘டோட்டல் சுகர்ஸ்’ வரியைப் பாருங்கள். டம்ளர் அளவு 100 மில்லியைப் போல எத்தனை மடங்கோ அதால் பெருக்கி ஐந்தால் வகுங்கள். வரும் எண்ணைத் தடித்த மார்க்கர் பேனாவால் பெட்டியின் முன்பக்கத்தில், ஆப்பிள் படத்தின் மேலேயே, தமிழில் எழுதிக் கொடுங்கள்: ‘ஒரு டம்ளரில் நாலரை ஸ்பூன் சர்க்கரை’. எழுதக் கை வரவில்லை என்றால் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு கொய்யாப்பழம் வாங்கிப் போங்கள்.