நாள் குறிக்கும் சொற்கள்: குத்தகையாளருக்கு எழுதும் ஓர் அறிவிப்பைத் திருத்துதல்

பங்சாரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகம், தன்னிடம் பணிபுரியும் குத்தகையாளர்களுக்கு 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற்கென ஓர் அறிவிப்பை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மின்கம்பி வேலை செய்பவர் பிரிக்பீல்ட்ஸிலும், சாயம் பூசுபவர் கிள்ளானிலும் இருக்கின்றனர். அறிவிப்பு இவ்வாறு அமைகிறது:

“குத்தகையாளர்கள் அனைவரும் தங்கள் இன்வாய்ஸ்களை 25ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அங்கீகரிக்கப்பட்ட இன்வாய்ஸ்களுக்கான பணம் 30 நாட்களில் வழங்கப்படும். தாமதமாக வருபவை பரிசீலிக்கப்படமாட்டா.”

இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் மூன்று வாக்கியங்களும் வாசிப்பவரை ஐயத்தில் விடுகின்றன. அந்த ஐயத்தின் விலையை யார் செலுத்துகிறார் என்பதை முதலில் நோக்குவோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, முதலாளி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமநிதிப் பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே கிள்ளான் குத்தகையாளர் பிப்ரவரி 7க்குள் சம்பளமும் 15க்குள் சேமநிதியும் கொடுத்தாக வேண்டும். தமக்குப் பணம் எந்நாளில் வரும் என்பது தெரிந்தால்தான், இடைப்பட்ட நாட்களுக்குக் கைப்பணத்தையோ கடனையோ அவர் ஏற்பாடு செய்துகொள்ள இயலும்.

இனி முதல் வாக்கியத்திற்கு வருவோம். “25ஆம் தேதிக்கு முன்” என்றால் 25 சேராது. “25ஆம் தேதி வரை” என்றால் சேரும். “25ஆம் தேதிக்குள்” என்பதையோ சிலர் 25 உட்பட என்றும், சிலர் 24உடன் முடிகிறது என்றும் கொள்கின்றனர். “சமர்ப்பித்தல்” என்பதும் அவ்வாறே ஐயத்திற்கு இடம் தருகிறது. அனுப்பிய நேரம் கணக்கா, அலுவலகத்திற்கு வந்து சேர்ந்த நேரம் கணக்கா? 25ஆம் தேதி இரவு 11 மணிக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் தாம் காலத்தில் செய்ததாகவே கருதுவார். அலுவலகமோ அதை மறுநாள் காலையில்தான் காணும்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 25, வியாழக்கிழமை, தைப்பூசம். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அது பொது விடுமுறை. அன்று அலுவலகக் கதவைத் தட்டுபவருக்குத் திறக்க ஆளிருக்காது. மறு வாரம் பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். பங்சார் கோலாலம்பூரைச் சேர்ந்ததால் அலுவலகம் மூடியிருக்கும். கிள்ளான் சிலாங்கூரைச் சேர்ந்ததால் குத்தகையாளருக்கு அது வேலை நாளே. “வேலை நாள்” என்று மட்டும் எழுதினால் இருவரும் வெவ்வேறு நாட்களை எண்ணுவர். எனவே தேதி, கிழமை, மணி ஆகிய மூன்றையும் எழுதுவதே தக்கது. கிழமையை எழுதும்போது, குறித்த நாள் விடுமுறையில் விழுகிறதா என்பது எழுதுபவர் கண்ணிலேயே முதலில் படும்.

இரண்டாம் வாக்கியத்தில் “30 நாட்களில்” என்பது எந்நாளிலிருந்து என்று சொல்லப்படவில்லை. ஜனவரி 20 எனத் தேதியிட்ட ஓர் இன்வாய்ஸ் பிப்ரவரி 2 அன்று அங்கீகரிக்கப்படுகிறது என்க. இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணினால் பிப்ரவரி 19. மாத இறுதியிலிருந்து எண்ணினால் மார்ச் 1. அங்கீகார நாளிலிருந்து எண்ணினால் மார்ச் 3, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஒரே சொற்றொடர் மூன்று நாட்களைத் தருகிறது. குத்தகையாளர் முதல் நாளை எதிர்பார்ப்பார். கணக்குப் பிரிவு கடைசி நாளைக் கொள்ளும். எண்ணிக்கையை வாசிப்பவரிடம் விடாமல், பணம் செலுத்தும் நாளையே எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது.

மூன்றாம் வாக்கியமே மிகுந்த தீங்கு செய்வது. “பரிசீலிக்கப்படமாட்டா” என்றால், செய்த வேலைக்குப் பணமே இல்லை என்று பொருள்படும். அலுவலகத்தின் கருத்து அதுவன்று. அடுத்த மாதச் சுற்றில் சேரும் என்பதே. அச்சுறுத்தலாக எழுதியதால் உண்மை மறைந்துவிட்டது. செயப்பாட்டு வினையும் இதற்குத் துணைபோகிறது. “வழங்கப்படும்” என்பதில் வழங்குபவர் இல்லை. “செலுத்துவோம்” என்று எழுதினால் பொறுப்பேற்பவர் வெளிப்படுகிறார்.

இவற்றைக் கருதித் திருத்திய வடிவம் இது:

“மதிப்பிற்குரிய குத்தகையாளர்களுக்கு,

ஜனவரி மாதப் பணிக்கான இன்வாய்ஸ், 24.1.2024 புதன்கிழமை மாலை 5 மணிக்கு முன் எங்கள் கணக்குப் பிரிவின் மின்னஞ்சலுக்கு வந்து சேர வேண்டும். 25ஆம் தேதி தைப்பூச விடுமுறை. வேலை முடிந்ததற்கு மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட தாளையும் இணைத்து அனுப்புங்கள்.

குறை இருப்பின் 29.1.2024 திங்கட்கிழமைக்குள் தெரிவிப்போம். திருத்திய இன்வாய்ஸ் 31.1.2024 புதன்கிழமை மாலை 5 மணிக்கு முன் வந்தால் இதே சுற்றில் சேரும்.

அங்கீகரித்த இன்வாய்ஸ்களுக்கு 23.2.2024 வெள்ளிக்கிழமை உங்கள் வங்கிக் கணக்கில் பணம் செலுத்துவோம்.

மேற்கண்ட நேரங்களுக்குப் பின் வருபவை அடுத்த சுற்றில் சேரும். அவற்றுக்கு 22.3.2024 வெள்ளிக்கிழமை பணம் செலுத்துவோம்.”

‘விலைப்பட்டியல்’ என்ற தமிழ்ச்சொல் இருக்க ‘இன்வாய்ஸ்’ ஏன் என்று இப்பேரவையில் கேட்கலாம். வேலைக்கு முன் கொடுக்கும் விலை மதிப்பீட்டையும் கடையின் விலை வரிசையையும் அச்சொல்லால் குறிப்பவர் உளர். பணம் சார்ந்த அறிவிப்பில், இரு தாள்களை ஒன்றாகக் கொள்ள இடந்தரும் சொல்லைத் தவிர்ப்பது நன்று.

திருத்திய வடிவத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அறிவிப்பு ஒப்பந்தத்தை மாற்றிவிடாது. வழக்கில் ‘சிபா’ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து வடிவிலான கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும். பணம் செலுத்தும் விதிமுறை அத்தகைய ஒப்பந்தத்தில் இல்லையெனில், இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து நாட்காட்டிப்படி 30 நாளில் பணம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். ஜனவரி 24 அன்று வந்த இன்வாய்ஸுக்கு 30ஆம் நாள் பிப்ரவரி 23. அறிவிப்பு அதனுடன் பொருந்துகிறது. ஆனால் ஜனவரி 10 அன்றே அனுப்பியவருக்கு பிப்ரவரி 9உடன் தவணை முடிந்துவிடும். ஒப்பந்தம் மௌனமாக இருக்கையில், மாதம் ஒரு நாள் என்ற அலுவலக வழக்கத்தைக் காட்டி அவரை 23 வரை காத்திருக்கச் செய்ய முடியாது. ஆகவே எழுதுபவர் முதலில் ஒவ்வோர் ஒப்பந்தத்தின் தவணையையும் பார்த்து, அதற்குப் பிந்தாத நாளையே அறிவிப்பில் குறிக்க வேண்டும்.

அனுப்புமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். கணக்குப் பிரிவைச் சாராத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இன்வாய்ஸ் வந்து சேர வேண்டிய கடைசி நேரம் எது? பணம் எந்நாளில் வரும்? பிந்தினால் என்ன ஆகும்? அவர் விரலால் நாட்களை எண்ணத் தொடங்கினால், வரைவு இன்னும் முடியவில்லை என்று கொள்ளலாம்.