பெயர்க் கட்டத்தில் 500 ரூபாய்

ஒரு சங்கத்தில் 200 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, கணக்கு மென்பொருளில் ஏற்றினால் 231 வரிகள் வருகின்றன. சந்தா மொத்தமோ குறைகிறது. ஆள் கூடி, பணம் குறைந்தால் யார்மேல் சந்தேகம் வராது?

காரணம் முகவரிக் கட்டத்தில் இருக்கிறது. தட்டச்சு செய்தவர் தெருப் பெயரை அடித்து, Alt+Enter அழுத்தி, அதே செல்லுக்குள் அடுத்த வரியில் ஊரை எழுதியிருக்கிறார். திரையில் அது ஒரே செல்தான். கோப்பில் இப்படிப் பதிவாகும்:

```
எண்,பெயர்,முகவரி,சந்தா
101,செல்வி,"12 வடக்கு வெளி வீதி
மதுரை",500
102,முருகன்,தேனி,500
```

முகவரியைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். அவற்றுக்குள் வரும் வரி முறிவு முகவரியின் பகுதி, பதிவு அங்கே முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். 2005இல் வெளியான RFC 4180 என்ற ஆவணமும் அப்படித்தான் சொல்கிறது. எக்செல் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஏற்றும் மென்பொருள்தான் மேற்கோளைப் பொருட்படுத்தாமல், வரி முறிந்த இடமெல்லாம் புதுப் பதிவு என்று எடுத்துக்கொள்கிறது. செல்வியின் சந்தா காலியாகிறது. அடுத்த வரியில் எண் கட்டத்தில் மதுரையும், பெயர்க் கட்டத்தில் 500உம் உட்காருகின்றன. 31 பேருக்கு இப்படி நேர்ந்தால் 31 வரி கூடும், 31 சந்தா கூட்டலில் விழாது.

எண் கட்டத்தில் எழுத்து தென்பட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவசரப்பட்டு அந்தப் பட்டியலை அகரவரிசைப்படுத்திவிடாதீர்கள். மதுரை எந்தச் செல்விக்கு உரியது என்பது அதன் பிறகு தெரியாது.

ஏற்றும் இடத்தில் திருத்த வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்செல்லின் பவர் குவெரியில் `QuoteStyle.None` என்று இருப்பதை `QuoteStyle.Csv` என்று மாற்றினாலே போதும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் மூலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டியதுதான். முகவரி C நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் இதை எழுதி, விடையை மட்டும் முகவரியின் மேல் மதிப்பாக ஒட்டி, மறுபடி சேமிக்கலாம்:

```
=SUBSTITUTE(C2,CHAR(10)," ")
```

10 என்பது Alt+Enter இடும் குறியின் எண். பலர் பரிந்துரைக்கும் `CLEAN` எனக்குப் பிடிக்காது; அது முறிவை நீக்கிவிட்டு இடைவெளிகூட விடாமல் 'வீதிமதுரை' என்று ஒட்டிவிடும்.

இதெல்லாம் மேற்கோள் குறி இருந்தால்தான். சில பழைய மென்பொருள்கள் மேற்கோளே போடாமல் கோப்பை வெளியேற்றும். அப்போது எந்த முறிவு முகவரிக்குள் வந்தது, எது பதிவின் முடிவு என்பதைக் கோப்பை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டங்கள் குறைவாக உள்ள வரியை முந்தைய வரியோடு சேர்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.