திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்: புதியவருக்கு இது சரிப்படுமா?

திங்கள்கிழமை மாலை எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் பிரஸ் பக்கம்தான் கூட்டம். ஸ்குவாட் அடிக்கும் இடம் காலியாகக் கிடக்கும். காரணம், சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அட்டவணை: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ் ட்ரைசெப்ஸ், வெள்ளி லெக்ஸ், சனி வயிறு, ஞாயிறு விடுமுறை. நேற்று சேர்ந்தவருக்கும் பத்து வருஷமாக வருபவருக்கும் மாஸ்டர் காட்டுவது இதே அட்டவணையைத்தான்.

ஒரு நாளைக்கு ஒரு தசை என்ற இந்த முறை தப்பானதல்ல. ஆனால், அது போட்டிக்குத் தயாராகும் பாடிபில்டர்களிடமிருந்து வந்தது. அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் தன் உச்சக் காலத்தில் வாரத்தில் ஆறு நாள் தசைகளைப் பிரித்துப் பயிற்சி செய்தார். ஆனால், அவர் எடை தூக்கத் தொடங்கியது பதினைந்து வயதில். அவருக்கு முந்தைய தலைமுறையில் 1947-ல் மிஸ்டர் அமெரிக்கா, 1950-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டங்களை வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ், வாரத்தில் மூன்றே நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி செய்தவர். இன்றைக்குப் புதிதாகச் சேர்பவருக்குப் பொருந்துவது ரீவ்ஸின் வழிதான்.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, எடை தூக்கிய பிறகு தசைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். தசை வளர்வது ஜிம்மில் அல்ல, வீட்டுக்குப் போன பிறகு. பயிற்சி தரும் தூண்டுதலால் தசை புதுப் புரதத்தைக் கட்டும் வேகம் கூடுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எடைப் பயிற்சி பெற்ற இளைஞர்களின் பைசெப்ஸில் இதை அளந்தது. பயிற்சி முடிந்து 24 மணி நேரத்தில் அந்த வேகம் இரு மடங்குக்கு மேல் போயிருந்தது. 36 மணி நேரத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. புதியவர்களுக்கு இந்த ஏற்றம் இரண்டு நாள் வரை நீடிக்கக்கூடும். எப்படிப் பார்த்தாலும், திங்களன்று செஸ்ட் அடித்தவரின் நெஞ்சுத் தசை புதன் இரவோடு வேலையை முடித்துக்கொண்டு, அடுத்த திங்கள் வரை சும்மா இருக்கிறது.

இதை வைத்து, அடிக்கடி செய்தால் அதிகம் வளரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாரத்தில் மொத்தம் எத்தனை செட் என்பது சமமாக இருந்தால், அதை ஒரே நாளில் செய்வதற்கும் மூன்று நாளில் பிரித்துச் செய்வதற்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதியவர் ஒரே நாளில் நெஞ்சுக்கு 12 செட் அடித்தால் கடைசி ஆறு செட்டும் பெயருக்குத்தான் நடக்கும். கை நடுங்கும், முறை கெடும், மறுநாள் சட்டையைக் கழற்றவே முடியாது. ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் பழகிப் பழகி வர வேண்டியவை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஸ்குவாட் செய்பவர், போன வாரம் கற்றதில் பாதியை மறந்துவிட்டு வருவார். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷன் வந்துவிட்டாலோ, கால்களுக்கு அந்த வாரம் பயிற்சியே இல்லை. (நடைமுறையில் பலர் வெள்ளிக்கிழமைக்குக் காரணம் தேடிக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை.)

அந்த அட்டவணையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பெஞ்ச் பிரஸ் நெஞ்சுக்கு மட்டுமான பயிற்சி அல்ல. தோளின் முன்பகுதியும் ட்ரைசெப்ஸும் சேர்ந்தே உழைக்கின்றன. ஆக, திங்கள் செஸ்ட், புதன் ஷோல்டர், வியாழன் ட்ரைசெப்ஸ் என்று போனால், நெஞ்சுக்கு ஆறு நாள் ஓய்வு, ட்ரைசெப்ஸுக்கோ நான்கு நாளில் மூன்று முறை வேலை. தாளில் ஓய்வு நாள் போல் தெரிவது உடம்புக்கு ஓய்வு நாள் அல்ல.

ஐ.டி. அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் அவரால் ஒதுக்க முடியும். அவருக்கு இரண்டு பயிற்சிகள் போதும். முதலாவது: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், முதுகுக்கு டம்பெல் ரோ. இரண்டாவது: முட்டியைக் கொஞ்சமே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ரொமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ், லேட் புல்டவுன். திங்கள் முதலாவது, புதன் இரண்டாவது, வெள்ளி மறுபடி முதலாவது. அடுத்த திங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கும். எந்த நாள் போனாலும் கால், தள்ளுதல், இழுத்தல் மூன்றும் நடந்துவிடும். ஒரு நாள் தவறினால், விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடர்ந்தால் போதும். எந்தத் தசையும் பட்டினி கிடக்காது.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட், பிறகு மூன்று. ஒரு செட்டில் 8 முதல் 12 முறை. இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். அவர் 10 கிலோ டம்பெல்லோடு ஸ்குவாட் தொடங்குகிறார் என்றால், முதல் நாள் 8, 8 வரும். நாலைந்து பயிற்சிகளில் 12, 12, 12 ஆகிவிடும். அன்றைக்கு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த முறை 12.5 கிலோ எடுக்கலாம். எண்ணிக்கை மறுபடி 8, 9-க்கு இறங்கும், அது இயல்பு. இந்த நோட்டு இல்லாமல் செய்பவர் ஆறு மாதம் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

செவ்வாய், வியாழன் ஓய்வு என்றால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். ஆனால், ஞாயிறு காலை மைதானத்தில் மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடுபவர் அதையும் கால் பயிற்சியாகவே கணக்கில் வைக்க வேண்டும். அவருக்குத் திங்களைவிட செவ்வாய், வியாழன், சனி பொருந்தும். சனியன்று மட்டும் கால் செட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு போதுமா என்பதை வலியை வைத்து அளக்க முடியாது. புதுப் பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் கழித்து வரும் தசைவலி தானே அடங்கும். லேசான வலியோடு அடுத்த பயிற்சியைச் செய்வதில் தவறில்லை. நோட்டைப் பார்ப்பதே நல்லது. போன முறை 10 வந்த எடையில் அடுத்தடுத்து இரு முறை 7-தான் வருகிறது என்றால், தூக்கமோ சாப்பாடோ ஓய்வோ குறைகிறது என்று பொருள். மூட்டுக்குள் குத்தும் வலி வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். முதல் நாளே ஆர்வத்தில் அளவு மீறி அடித்து, தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைவதன் அறிகுறி. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதே முறை பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் கூடத் தாங்கும். எடை கூடக் கூட செட்டுகளுக்கு இடையே ஓய்வும் நீளும். ஐம்பது நிமிடம் எண்பதைத் தாண்டும்போது பிரிப்பதற்கு நேரம் வந்துவிட்டது. அப்போதும் உடனே ஆறு நாளுக்குத் தாவ வேண்டாம். திங்கள் மேலுடம்பு, செவ்வாய் கீழுடம்பு, புதன் ஓய்வு, வியாழன் மேலுடம்பு, வெள்ளி கீழுடம்பு என நான்கு நாளாக்கினால் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு முறை வேலையும், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வும் கிடைக்கும்.