வெட்டுப்பட்ட சின்னத்தின் வலது மூலை

ஒரு பெண்கள் பள்ளியின் சின்னம் பழைய நோட்டுப் புத்தக அட்டையில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் குத்துவிளக்கு, இருபுறமும் நெற்கதிர், விளிம்பில் பள்ளியின் பெயர். அட்டையை வெட்டிய மெஷின் சாய்வாக இறங்கியதில் மேல் வலது மூலை போய்விட்டது. கடிகார முகப்பில் சொன்னால் பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை இல்லை. விழா பேனருக்கு இதையே முழுதாக்கித் தர வேண்டும்.

இடது பாதியை நகலெடுத்துத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றும். வழி அதுதான், ஆனால் எந்தக் கோட்டை நடுவாக வைத்துத் திருப்புகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த படத்தில் சின்னம் இடமிருந்து 31-ஆம் பிக்சலில் தொடங்கி, மிஞ்சிய வலது ஓரம் 712-இல் முடிகிறது. மென்பொருள் இவ்விரண்டின் நடுவான சுமார் 372-ஐ மையம் என்று எடுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட படத்தின் நடு, சின்னத்தின் நடு ஆகாது.

அதனால் இருபுறமும் உயிரோடிருக்கும் ஜோடிப் புள்ளிகளைத் தேட வேண்டும். இடது கதிரின் அடிநுனி 262, வலது கதிரின் அடிநுனி 530. இவற்றின் நடு 396. விளக்கின் பீடம் 340-இலிருந்து 452 வரை. அதன் நடுவும் 396. இரண்டு ஜோடிகள் வெவ்வேறு உயரத்தில் இருந்து ஒரே எண்ணைத் தந்தால் படம் நேராக இருக்கிறது. எண் மாறினால் ஸ்கேன் சாய்ந்திருக்கலாம். முதலில் அதை நிமிர்த்த வேண்டும். 372-ஐ நம்பித் திருப்பியிருந்தால் கதிர் 48 பிக்சல், அதாவது இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கும். மூன்று சென்டிமீட்டர் சின்னத்தில் அது பெரிய பிசகு.

வெளிவட்டத்தைத் திருப்பிப் போடவே வேண்டாம், புதிதாக வரைந்துவிடலாம். பள்ளிக் கணக்கு போதும். மிஞ்சிய வில்லில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் நாண். அதன் நடுவிலிருந்து வில் வரை உள்ள தூரம் வில்லின் உயரம். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும். இங்கே நாண் 480, உயரம் 90. ஆகவே 320-உடன் 45 சேர்த்து 365. இடது ஓரமான 31-உடன் 365-ஐக் கூட்டினால் அதே 396 வருகிறது. இப்படி இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும்.

நாணை நீளமாக எடுப்பது முக்கியம். மேலே சொன்ன அளவில் உயரத்தை இரண்டு பிக்சல் குறைத்து அளந்தாலும் ஆரம் 371-தான் ஆகும். 160 பிக்சல் நாணை எடுத்து அதே தவறைச் செய்தால் 365 ஆக வேண்டியது 469-க்குப் போய்விடும். சிறு வில் மட்டுமே மிஞ்சிய சின்னங்களில் மீட்ட வட்டம் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி கதிர். இன்க்ஸ்கேப்பில் இடது கதிரை வரைந்து முடித்து Ctrl+D கொடுத்து நகலெடுக்கலாம். நகலை மறுபடி கிளிக் செய்தால் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி தெரியும். அதை 396-க்கு இழுத்து வைத்துவிட்டு H அழுத்தினால் அந்தக் கோட்டைச் சுற்றித் திரும்பும். திரும்பிய கதிரை, வலப்புறம் மிஞ்சியிருக்கும் கீழ்ப்பகுதியின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்க்க வேண்டும். கையால் வரைந்த பழைய சின்னங்களில் இரு கதிர்களும் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அபூர்வம். ஒரு மணி கூடக்குறைய இருக்கும். அப்போது வலது கதிரை முழுதாக மாற்றிவிடுவது எளிது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பதை இருந்தபடி விட்டு, வெட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் ஒட்டுவதே நியாயம்.

ஒட்டும் இடத்தில் தண்டின் வளைவு ஒடிந்து தெரியக்கூடாது. இணைப்புப் புள்ளியின் இருபுறக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். திரையில் தெரியாத ஒடிசல் மூன்றடி பேனரில் முழங்கைபோலத் துருத்தும். அதனால் அந்த இடத்தை மட்டும் பேனர் அளவுக்குப் பெருக்கிப் பார்ப்பது நல்லது.

திருப்பக்கூடாதவையும் உண்டு. சுடர் வலப்புறம் சாய்ந்திருந்தால், பாதியைத் திருப்பியதும் இரண்டு இதழ் முளைத்துவிடும். எழுத்துகளைத் திருப்பவே முடியாது. ஆனால் தேடினால் கிடைக்கும். விளிம்பில் ‘பெண்கள் மேல்நிலைப்’ மிஞ்சி, ‘பள்ளி’ போயிருக்கிறது. ப-வை ‘நிலைப்’பின் கடைசி எழுத்திலிருந்து புள்ளியை நீக்கி எடுக்கலாம். ள் ‘பெண்க’ளில் இருக்கிறது. ளி-க்கு அதே ள்-இல் புள்ளியை எடுத்துவிட்டு, ‘நி’யின் விசிறியை இணைத்துச் சற்றே திருத்தினால் ஆயிற்று. ஒவ்வொன்றையும் வட்ட மையத்தைச் சுற்றிச் சுழற்றி இடத்தில் வைக்கலாம்.

‘பள்ளி’க்குப் பிறகு ஊர்ப் பெயர் இருந்ததா, நட்சத்திரம் இருந்ததா என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. அதற்குப் பள்ளி அலுவலகத்தின் பழைய ரப்பர் ஸ்டாம்ப்பையோ மாற்றுச் சான்றிதழையோ கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.