தவறான விடைக்கும் விளக்கம் வேண்டும்

1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் யார்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான கேள்விதான். (அ) ஜான் கிரடாக், (ஆ) வில்லியம் பெண்டிங்க், (இ) ஜார்ஜ் பார்லோ, (ஈ) கில்லஸ்பி என்று நான்கு பெயர்கள் கொடுத்திருப்பார்கள். கடைசிப் பக்க விடைக்குறிப்பில் 'ஆ' என்ற ஓரெழுத்து மட்டும் இருக்கும். 'இ' போட்ட மாணவர் ஒரு மதிப்பெண் போயிற்று என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பார்லோ யார், ஏன் அவர் பெயர் மனதில் வந்தது என்பது தெரியாமலே போகும்.

இந்த நான்கு பேருமே அந்தக் காலத்தோடு தொடர்புடையவர்கள். அதனால் ஒவ்வொரு தவறான தேர்வுக்கும் பின்னால் ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது. கிரடாக்கைப் போட்டவருக்குப் புதிய தலைப்பாகையும், காதணிக்கும் நெற்றிக்குறிக்கும் வந்த தடையும் நினைவில் இருக்கின்றன; படைத் தளபதியையும் ஆளுநரையும்தான் பிரித்துப் பார்க்கவில்லை. கில்லஸ்பியைப் போட்டவர் கிளர்ச்சியை அடக்கியவரே ஆட்சித் தலைவர் என்று எண்ணியிருக்கலாம். பெண்டிங்கை வேண்டுமென்றே ஒதுக்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு அவர் 1829இல் சதியை ஒழித்த கவர்னர் ஜெனரல். 1806இல் சென்னையில் அவருக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். ஓரளவு படித்தவர்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும்.

பார்லோ விஷயம் இன்னும் நுட்பமானது. 1805இல் கார்ன்வாலிஸ் இறந்ததும் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் பொறுப்பை ஏற்றவர் அவர். 1807 இறுதியில் அவரே சென்னைக்கு ஆளுநராகவும் வந்தார். எனவே "பார்லோ சென்னை ஆளுநர் அல்ல" என்று விளக்கம் எழுதினால் அதுவே பிழை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பார்லோ 1806இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தார். சென்னை ஆளுநரானது 1807இன் இறுதியில். வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டதால் காலியான பதவி அது. பதவி சரி, ஆண்டுதான் பொருந்தவில்லை."

விளக்கம் உண்மையில் தொடங்குகிறது. அந்த மனிதர் எந்தக் கேள்விக்கு விடையாவார் என்று சொல்கிறது. எந்த இடத்தில் கால் இடறியது என்பதைக் கடைசி வாக்கியம் காட்டுகிறது. இதற்கு மேல் நீட்ட வேண்டாம். பார்லோவின் வாழ்க்கை வரலாற்றை அங்கே எழுதினால் எவரும் படிக்கமாட்டார்கள்.

சரியான விடைக்கும் விளக்கம் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் 'ஆ' போட்ட எல்லோரும் தெரிந்து போட்டவர்கள் அல்லர். பெண்டிங்க் 1803 முதல் 1807 வரை சென்னை ஆளுநர், கிளர்ச்சிக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்டார், இருபதாண்டுகள் கழித்துக் கவர்னர் ஜெனரலாகத் திரும்பிவந்தார் என்று ஒரு வரி இருந்தால், குத்துமதிப்பாகப் போட்டவருக்கும் பெயரும் காலமும் ஒட்டிக்கொள்ளும்.

விளக்கமில்லாத கொள்குறி வினா தீங்கும் செய்யும். 2005இல் ஹென்றி ரோடிகர், எலிசபெத் மார்ஷ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவர்களில் சிலர், பின்னால் வேறொரு தேர்வில் அதையே உண்மை என்று எழுதினார்கள். 2008இல் பட்லரும் ரோடிகரும் செய்த ஆய்வில், சரியான விடையை உடனுக்குடன் சொன்னபோது இந்தப் பாதிப்பு குறைந்தது. இதனால்தான் தவறான கூற்றைத் திருப்பிச் சொல்லி "இது தவறு" என்று விளக்கத்தைத் தொடங்கக் கூடாது என்கிறேன். திரும்பப் படிக்கும்போது அந்தக் கூற்றுதான் முதலில் கண்ணில் படும்.

நான்கு விடைகளுக்கும் விளக்கம் எழுத உட்கார்ந்தால் கேள்வியின் ஓட்டையும் வெளிப்பட்டுவிடும். "ஆங்கிலேயரை எதிர்த்த முதல் விடுதலைப் போர் எது?" என்று கேட்டு, 1857 சரி என்றும் வேலூர் 1806 தவறு என்றும் வைத்துக்கொள்வோம். வேலூர் ஏன் தவறு என்று இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாது; எதைப் போர் என்பது, எதைக் கிளர்ச்சி என்பது என்பதில் வரலாற்றாசிரியர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. பாளையக்காரர் போர்களை முன்வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கேள்வியைத் திருத்த வேண்டும், அல்லது நீக்க வேண்டும்.

விளக்கம் பயன்பட்டதா என்று அறிய அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பயனில்லை, 'ஆ' என்ற எழுத்து நினைவில் நின்றிருக்கும். ஒரு வாரம் கழித்து, "வேலூர்க் கிளர்ச்சியின்போது கவர்னர் ஜெனரல் யார்?" என்று கேட்டு, அதே நான்கு பெயர்களை இடம் மாற்றிக் கொடுக்கலாம். இப்போது விடை பார்லோ. சென்ற வாரம் அவரைத் தவறாகப் போட்டவர், இந்த முறை காரணத்தோடு அவரையே தேர்ந்தெடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.