ஒரு குசினி, மூன்று பெயர்கள்

கைபேசியில் மூன்று கடைகள் தெரிகின்றன. ஒன்று கொத்துக் கடை, ஒன்று பிரியாணிக் கடை, ஒன்று சைவச் சாப்பாட்டுக் கடை. மூன்றின் பார்சலும் வெளியே போவது ஒரே கதவு வழியாகத்தான். உட்கார்ந்து சாப்பிட மேசை கிடையாது, வெளியே பெயர்ப் பலகையும் கிடையாது. இதைத்தான் கிளவுட் கிச்சன் என்கிறார்கள். கொழும்புக் குசினிகளில் வேலை செய்துவிட்டு இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ திரும்பும் தோட்டத்து இளைஞர்கள் சொந்தமாக ஒன்றைத் தொடங்க நினைத்தால், முதலில் இதன் உட்கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது இந்தியாவின் ரெபெல் ஃபுட்ஸ். ஜெய்தீப் பர்மனும் கல்லோல் பானர்ஜியும் 2004இல் பூனாவில் ஃபாசோஸ் என்ற ரோல் கடையைத் தொடங்கினார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்கே வருவதில்லை என்று தெரிந்ததும், தெருமுனைக் கடைகளை விட்டுவிட்டு குசினிகளை மட்டும் நடத்தத் தொடங்கினார்கள். ரோலுக்குப் பேர் போன கடையிடம் யாரும் பிரியாணி கேட்கமாட்டார்கள். அதனால் பிரியாணிக்கு பெஹ்ரூஸ் என்று தனிப் பெயர், பீட்சாவுக்கு ஓவன் ஸ்டோரி, இனிப்புக்கு ஸ்வீட் ட்ரூத். பெயர் பிரிந்தாலும் குசினி ஒன்றுதான்.

இரண்டாவது பெயரைச் சேர்க்கும்போது எல்லோரும் பொருளைத்தான் பார்ப்பார்கள். கோழி இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, அப்படியானால் முட்டை ரொட்டிக்கும் ஒரு பெயர் வைப்போம் என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது எந்த அடுப்பு என்பதைத்தான். கொத்துப் போடும் இரும்புத் தட்டு ஒன்றுதான் இருக்கிறது, ஒரு கொத்துக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கொத்து. இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் 20 ஆர்டர் வந்தால், கடைசியில் ஐந்து மிஞ்சும். அந்தக் கடைசி ஆள் கூடுதலாக இருபது நிமிடம் காத்திருப்பார். முட்டை ரொட்டியும் அதே தட்டில்தான் சுடவேண்டும் என்றால் இரண்டு பெயரும் சேர்ந்தே கெடும். பிரியாணி அப்படியல்ல. மாலையிலேயே அண்டாவில் தம் போட்டு 60 பாகைக்கு மேல் சூடாக வைத்தால், நெரிசல் நேரத்தில் அள்ளிப் பொதி கட்டுவது மட்டும்தான் வேலை. அரிசி, கோழி, வெங்காயம் பொதுவாக இருக்கட்டும். நெரிசல் நேரத்து அடுப்பு தனியாக இருக்கட்டும். அப்போதும் தட்டுக்கு முன்னால் ஆறு சீட்டு தொங்கினால், கொத்துக் கடையைச் செயலியில் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும். பிரியாணி தொடர்ந்து ஓடும்.

பார்சல் மாறிப்போவது அடுப்படியில் அல்ல, பொதி கட்டும் மேசையில். சீட்டில் கடைப் பெயரும் ஆர்டர் இலக்கமும் பெரிதாக இருக்க வேண்டும். ஒருவர் சீட்டை வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் பெட்டியைத் தொட்டுக் காட்டுவார். பிறகு தராசு. கொத்தும் 100 கிராம் குழம்புக் கிண்ணமும் சேர்ந்து 600 கிராம் வரவேண்டிய இடத்தில் 500 காட்டினால், குழம்பு மேசையிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். குழம்பைக் கொத்தின் மேல் ஊற்றி அனுப்பக் கூடாது. மலைப்பாதையில் அரைமணி நேரம் போனால் ரொட்டி ஊறிக் கூழாகிவிடும்.

சுவை கெடும்போது அது மூன்று பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கொத்தில் உப்புக் கூடியது என்று இருவர், பிரியாணியில் உப்பு என்று இருவர். தனித்தனியே பார்த்தால் சின்ன விஷயம். இரண்டுக்கும் போன கோழி ஒரே வாளியில் ஊறியது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அதனால் ஒவ்வொரு வாளியிலும் ஊறவைத்த நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும், முறைப்பாட்டையும் கடைப் பெயரால் அல்லாமல் வாளியால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே குசினியில் பல பெயர் வைப்பது ஒன்று, ஒரே உணவைப் பல பெயரில் விற்பது வேறு. 2023இல் ஊபர் ஈட்ஸ் வட அமெரிக்காவில் சுமார் 5,000 இணையக் கடைகளை நீக்கியது. ஒரே குசினியின் பெயர்களுக்குள் பட்டியலில் 60 சதவீதமாவது வேறுபட வேண்டும் என்று விதித்தது. அது நியாயமான விதி.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது எண்ணெய். ரோல்ஸ் பொரித்த தாச்சியில் வடை பொரித்தால், சைவம் என்று எழுதியிருப்பது பொய். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் அந்தப் பெயரை நம்பித்தான் வாங்குகிறார். தனித் தாச்சி, தனி அகப்பை, தனிப் பலகை வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் சைவப் பெயரைத் தொடங்கவே கூடாது. ஹலால் என்று எழுதுவதற்கும் இதே கண்டிப்பு வேண்டும்: ஒரு பெயருக்கு மட்டும் ஹலால் கோழி என்று வைத்துக்கொண்டு குசினி நடத்த முடியாது, உள்ளே வரும் இறைச்சி முழுவதும் ஹலாலாக இருக்க வேண்டும். மூன்று பெயரின் பக்கத்திலும் குசினியின் உண்மையான பெயரையும் முகவரியையும் போட்டுவிடுங்கள். முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் போதும்.