ஒரே வானத்தில் ஒன்பது சூரியன்கள்

2019 டிசம்பர் 26 அன்று காலை கோவை, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்து மக்கள் வளைய சூரிய கிரகணத்தைப் பார்த்தார்கள். எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, பதினொரு மணி தாண்டித்தான் அது முடிந்தது. அதில் முழு வளையம் தெரிந்ததோ சுமார் மூன்று நிமிடம்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேலான இந்த நிகழ்வை ஒரே படத்தில் காட்ட, புகைப்படக்காரர்கள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதுண்டு. அதுதான் கூட்டுப் படம்.

அப்படி ஒரு படம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே திண்டுக்கல் மலைக்கோட்டை கருநிழலாக நிற்கிறது. அதற்கு மேலே, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை ஒன்பது சூரியன்கள் சாய்வாக வரிசை கட்டியிருக்கின்றன. பார்வையுள்ளவர் கண்ணை ஓட்டியதுமே, சூரியன் ஒன்றுதான், நேரம்தான் ஒன்பது என்று புரிந்துகொள்கிறார். பார்வையற்ற வாசகருக்கு அந்தப் புரிதலைத் தரவேண்டியது படத்துடன் எழுதப்படும் மாற்று உரை. ஸ்க்ரீன் ரீடர் என்னும் மென்பொருள் அதைத்தான் குரலில் வாசிக்கும்.

இந்தப் படத்துக்கு வழக்கமாக எழுதப்படுவது ‘சூரிய கிரகணம்’ என்ற இரண்டு சொற்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருப்பதால், கேட்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. கொஞ்சம் அக்கறையோடு எழுதுகிறவர் ‘மலைக்கோட்டைக்கு மேலே ஒன்பது சூரியன்கள்’ என்பார். இது இன்னும் மோசம். படத்தில் இருப்பதை அப்படியே சொன்னாலும், கேட்பவர் மனதில் நடக்கவே முடியாத ஒரு வானம் உருவாகிவிடுகிறது.

எனவே முதல் வாக்கியத்திலேயே இது கூட்டுப் படம் என்றும், எதன் அடிப்படையில் சேர்க்கப்பட்டது என்றும் சொல்லிவிட வேண்டும். மாற்று உரையை ‘இந்தப் படத்தில்’ என்று தொடங்கத் தேவையில்லை; அது படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே அறிவித்துவிடும். ஆனால் ‘கூட்டுப் படம்’ என்பது வேறு தகவல். அதை மென்பொருளால் சொல்ல முடியாது.

அடுத்து வரிசை. ஒன்பது சூரியன்களையும் தனித்தனியாக விவரித்தால் கேட்பவர் நான்காவதிலேயே களைத்துவிடுவார். மாற்று உரையில் பத்திகளோ தலைப்புகளோ கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாகத்தான் காதில் விழும். மாற்றம் எந்தத் திசையில் போகிறது, எங்கே திரும்புகிறது என்பதைச் சொன்னால் போதும்:

“கூட்டுப் படம்: வளைய சூரிய கிரகணத்தின் ஒன்பது கட்டங்கள் ஒரே வானில். இடது கீழிருந்து வலது மேலாகச் சூரியன் ஏறுகிறது. முதலில் முழு வட்டம். பிறகு படிப்படியாகப் பிறையாக மெலிந்து, நடுவிலுள்ள ஐந்தாவதில் மெல்லிய ஒளி வளையமாகிறது. அதன்பின் மீண்டும் வளர்ந்து முழு வட்டமாகிறது. கீழே திண்டுக்கல் மலைக்கோட்டை கருநிழலாக.”

கோட்டை கடைசியில் வருவதற்குக் காரணம், இது கிரகணம் பற்றிய கட்டுரை. இதே படம் திண்டுக்கல் சுற்றுலாக் கட்டுரையில் வந்தால் கோட்டையை முன்னே கொண்டுவந்து, சூரிய வரிசையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே படத்துக்கு இரண்டு நல்ல மாற்று உரைகள் இருக்க முடியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சூரியனை எடுக்க லென்ஸில் பொருத்தும் வடிகட்டி மிகவும் அடர்த்தியானது. அதன் வழியே தரைக்காட்சி எதுவும் பதியாது. ஆகவே கோட்டை தனியாக எடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். பல சமயம் சூரியனைப் பெரிதாக்கியும் ஒட்டுவார்கள். கோட்டையையே மறைக்கும் அளவுக்குச் சூரியன் பெருத்திருந்தால் ‘பெரிதாக்கப்பட்ட’ என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான் நேர்மை. எந்த லென்ஸ், எத்தனை மணிக்கு, எடுத்தவர் யார் என்ற விவரங்களுக்குப் படத்தின் கீழுள்ள குறிப்பே சரியான இடம். அவற்றை எல்லோரும் படிக்கலாம்.

எழுதியது சரியா என்று பார்க்க, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் மாற்று உரையை மட்டும் ஒருமுறை வாசித்துக்காட்டி இரண்டு கேள்வி கேட்கலாம். வானத்தில் ஒரே நேரத்தில் எத்தனை சூரியன் இருந்தது? வளையம் எப்போது வந்தது? ‘ஒன்று’, ‘நடுவில்’ என்று பதில் வராவிட்டால் முதல் வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கடைசியாகக் கவனிக்க வேண்டியது மொழிக்குறி. பக்கம் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்று உளறலாம், அல்லது அந்த உரையை விட்டுவிடலாம். படத்தின் குறியீட்டில் `lang="ta"` என்று சேர்த்துவிட்டு, ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக்கை இயக்கி ஒருமுறை காதால் கேட்டுப் பார்ப்பது நல்லது.